கட்டாரிலிருந்து வந்த ஃபூல் டின்

அக்காவின் மகனுக்கு அப்போது நாலு வயது. ஒரு சனிக்கிழமை காலை ரொட்டியோடு ஃபூல் என்ற அரபு நாட்டுப் பயறு ஒரு கிண்ணம் சாப்பிட்டான். திங்கட்கிழமை விடியும்போது அவனுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். இரத்தமும் மூத்திரமும் பார்ப்பதுதான் என் தொழில். அப்படியிருந்தும், என் மருமகனுக்கு வந்தது என்னவென்று அவனுடைய மூத்திரத்தைக் கண்ணால் பார்க்கும் வரை எனக்குப் பிடிபடவில்லை. மட்டக்களப்பில் எங்கள் பகுதியில் வளைகுடாவுக்குப் போகாத குடும்பம் குறைவு. அங்கிருந்து வரும் பெட்டியில் என்னென்ன வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நடந்ததை முழுதாக எழுதிவைக்க நினைத்தேன்.

அத்தான் கட்டாரில் வேலை. வெள்ளிக்கிழமை லீவில் வந்திருந்தார். பெட்டியில் பால்மா, டாங், பேரீச்சம்பழம், போர்வை எல்லாவற்றோடும் ஆறு டின் ஃபூல் முதம்மஸ் இருந்தது. அரபு நாடுகளில் காலைச் சாப்பாடே அதுதான். ஒரு பெரிய, தட்டையான, மண்ணிறப் பயற்றை மணிக்கணக்காக அவித்து, உப்புத் தண்ணீரோடு டின்னில் அடைத்திருப்பார்கள். தேசிக்காய்ப் புளி, சீரகம், எண்ணெய் விட்டு மசித்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அக்கா அதற்கு வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தாளித்தாள். சுவையாகத்தான் இருந்திருக்கும். வழக்கமாகச் சாப்பாட்டுக்கு ஓடி ஒளிகிற பிள்ளை, அப்பாவின் மடியில் இருந்து கிண்ணம் முழுவதையும் முடித்தான் என்று அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை அவன் எழும்பவில்லை. எழுப்பினாலும் திரும்பப் படுத்தான். இலேசான காய்ச்சல், வயிற்று நோவு. அம்மாவுக்கு அது கண்ணூறு. அத்தனை சனம் வந்து பார்த்துப் போன வீடு, அப்பன் வந்த சந்தோஷத்தில் பிள்ளை துள்ளிக்கொண்டு திரிந்தது, மறுகா என்ன வரும் என்று கேட்டுவிட்டு, வேப்பிலையும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். அக்கா பனடோல் சிரப் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கியது, சோர்வு இறங்கவில்லை.

பின்னேரம் ஆறு மணி போல அக்காவின் அழைப்பு. "தம்பி, இவன் மூத்திரம் பிளேன்ரீ மாதிரிப் போகுது. தண்ணி குடிக்கல்ல எண்டு நினைக்கிறன். நீ வரக்குள்ள ஜீவனி வாங்கிட்டு வா" என்றாள். கல்லாற்றில் அக்காவின் வீட்டுக்கு நான் போனபோது பிள்ளை முன் விறாந்தையில் பாயில் கிடந்தான். வெள்ளைக் கோப்பை ஒன்றை எடுத்துவந்து அதில் மூத்திரம் பிடிக்கச் சொன்னேன். மஞ்சள் கூடினால் வரும் நிறமாக அது இல்லை. கொதித்துக் கறுத்த தேயிலைச் சாயத்தில் கொஞ்சம் சிவப்பைக் கலந்தால் எப்படியோ, அப்படி. கோப்பையைச் சரித்தால் விளிம்பில் செம்மண்ணிறம் தெரிந்தது.

பிள்ளையின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிப்போய், கோழித்தோல் நிறத்தில் இருந்தது. உள்ளங்கை ரேகைகளிலும் சிவப்பு இல்லை. கண் வெள்ளையில் மெல்லிய மஞ்சள். நெஞ்சில் கை வைத்தால் இதயம் ஓடுகிற வேகம் தெரிந்தது. "என்ன சாப்பிட்டவன்?" என்று கேட்டேன். அக்கா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து ஃபூலில் நின்றபோதுதான், படித்த காலத்தில் ஒரு பரீட்சைக் கேள்விக்காக மனப்பாடம் செய்த ஒரு சொல் எனக்கு ஞாபகம் வந்தது. ஃபேவிசம், அந்தப் பயற்றால் செங்குழியங்கள் உடையும் நோய்.

நள்ளிரவுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈமோகுளோபின் 6.4. அந்த வயதுப் பிள்ளைக்குப் பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை அவன் ஓடித் திரிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாளைக்குள் இத்தனை செங்குழியங்கள் எங்கே போயின என்பதற்கான பதில் அந்தக் கோப்பையிலேயே இருந்தது. அவை உடைந்து, உள்ளிருந்த ஈமோகுளோபின் சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஆய்வுகூடத்துக்காரனாக ஒரு விஷயம். அந்தச் சிறுநீரில் நிறம் மாறும் சோதனைப் பட்டியைத் தோய்த்தால் "இரத்தம்" என்ற கட்டம் கடும் பச்சையாக மாறும். அதே சிறுநீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்குழியங்களைத் தேட வேண்டியிருக்கும். பட்டி இரத்தம் இருக்கிறது என்கிறது, கண்ணில் கலங்கள் இல்லை. இந்த முரண்பாடுதான் தடயம். கல்லோ கிருமித்தொற்றோ என்றால் முழுக் கலங்கள் தெரியும். இரத்தக் குழாய்க்குள்ளேயே கலங்கள் உடைந்தால் கரைந்த ஈமோகுளோபின் மட்டும்தான் வரும். இரத்தம் எடுத்த சோதனைக் குழாயைச் சுழற்றியில் போட்டு எடுத்தபோதும் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இல்லை, ரோஸ் கலந்த மண்ணிறமாக இருந்தது. செங்கமாரி ஈரலிலிருந்து வந்தால் மலம் வெளிறும், சிறுநீர் கடும் மஞ்சளாக நுரைக்கும். இவனுக்கு மலம் கறுப்பு மண்ணிறமாகவே இருந்தது.

இரத்தப் படலத்தில் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை. வட்டமாக இருக்க வேண்டிய செங்குழியங்களில் பலவற்றில் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு துண்டு இல்லை. பிள்ளைகள் பிஸ்கட்டை ஒரு கடி கடித்து வைத்தால் எப்படியோ, அப்படியே. கடிபட்ட கலங்கள் என்றுதான் அவற்றுக்குப் பெயர். மெதைல் வயலட் சாயமிட்டால் சில கலங்களின் ஓரத்தில் கருநீலப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அது கெட்டுப்போன ஈமோகுளோபின் கட்டியாகி நிற்பது. மண்ணீரல் அந்தக் கட்டியைக் கடித்து எடுக்கப் போய்த்தான் கலத்தின் ஓரமும் சேர்ந்து போகிறது.

ஏன் இப்படி என்பதை அக்காவுக்கு வாட்டில் இருந்தபடி நான் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். நமது இரத்தத்தில் ஒக்சிசன் ஓயாமல் ஓடுகிறது. கடற்கரையில் நிற்கும் சைக்கிள் துருப்பிடிப்பதுபோல, செங்குழியத்துக்கும் ஒட்சியேற்றத்தால் எந்நேரமும் சேதம் வரும். அதைத் துடைத்துத் துடைத்து வைக்க ஒரு பொருள் வேண்டும், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் வேலை ஜி6பிடி என்ற நொதியத்துடையது. மற்றக் கலங்களில் இந்த வேலைக்கு வேறு வழிகளும் உண்டு. செங்குழியத்துக்கு இது ஒன்றுதான் வழி. அதற்குக் கருவும் இல்லை, எனவே தீர்ந்த நொதியத்தைப் புதிதாகச் செய்யவும் முடியாது. ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, பிறக்கும்போது கொண்டுவந்ததை வைத்துத்தான் அத்தனை நாளும் ஓட வேண்டும்.

இந்த நொதியம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒன்றும் ஆகாது, குறை இருப்பதே தெரியாது. ஃபூல் பயற்றில் விசின், கொன்விசின் என்று இரண்டு பொருட்கள் உண்டு. அவை குடலில் உடைந்து டைவிசின், ஐசோயூரமில் என்பவையாக மாறுகின்றன. இரத்தத்தில் சேர்ந்ததும் செங்குழியத்தில் ஒட்சியேற்றத்தை ஒரேயடியாகக் கூட்டிவிடுவது இவைதான். நொதியம் போதுமானவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கலம் சமாளித்துவிடும். அதே டின்னில் அத்தானும் அக்காவும் அவனை விட அதிகம் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஏப்பம்கூட வரவில்லை. இது ஒவ்வாமையும் இல்லை. ஒவ்வாமையென்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தோல் தடிக்கும், மூச்சு இழுக்கும். இது வழக்கமாக ஒன்று, இரண்டு நாள் கழித்து வருகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சோர்வையும் சனிக்கிழமைச் சாப்பாட்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. ஆஸ்பத்திரியிலும் "நேற்று என்ன சாப்பிட்டவர்?" என்றுதான் கேட்டார்கள். முந்தாநாளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை. "போன வருஷம் நான் கொண்டுவந்த வறுத்த பயறு இவன் சாப்பிட்டவன்தானே, அப்ப ஒண்டும் வரல்லையே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மைதான். உப்புப் போட்டு வறுத்த அதே பயறு பைக்கற்றில் வந்தது, அவன் நாலைந்து கொறித்திருக்கிறான். ஃபேவிசத்தின் குழப்பமான குணம் இதுதான். குறைபாடு உள்ள ஒருவர் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்படுவதில்லை. எவ்வளவு சாப்பிட்டார், பயறு பச்சையா காய்ந்ததா, உடம்பில் அப்போது வேறு நோய் இருந்ததா, பிள்ளையின் எடை என்ன என்று பலதும் சேர்ந்துதான் முடிவாகிறது. புதிதாகப் பறித்த பச்சைப் பயற்றில் அபாயம் கூடுதல். ஆனால் அவிப்பதாலும் டின்னில் அடைப்பதாலும் அந்தப் பொருட்கள் முழுதாக அழிவதில்லை. முன்பு ஒருமுறை சாப்பிட்டு ஒன்றும் வராததை வைத்து இனி வராது என்று எண்ணக் கூடாது.

இரத்தம் ஏற்றினார்கள். சேலைன் ஓடியது, சிறுநீர் போவதை அளந்து எழுதினார்கள், ஈமோகுளோபின் சிறுநீரகத்தில் போய் அடைக்காமல் பார்ப்பதற்கு. செவ்வாய்க்கிழமை சிறுநீர் வெளுக்கத் தொடங்கியது. இதற்கென்று மாற்று மருந்து எதுவும் கிடையாது. பயறு நின்றால் உடைவதும் தானாகவே நிற்கும், அதுவரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஒரு பிழை நடந்தது. அதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கக்கூடியது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ஜி6பிடி சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். நான் வேலையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. முடிவு நோர்மல் என்று வந்தது. அத்தான் அந்தத் தாளை என்னிடம் காட்டி, "பாத்தியா தம்பி, அவனுக்கு ஒண்டுமில்ல, வேற ஏதோ கிருமி" என்றார். முகத்தில் அத்தனை நிம்மதி. மிச்ச நாலு டின்னும் அலுமாரியில் இருந்தன.

அந்தச் சோதனைக்கு அன்று அர்த்தமே கிடையாது. முதலாவது, திங்கட்கிழமை ஏற்றியது யாரோ ஒருவரின் இரத்தம். குழாயில் எடுத்ததில் பெரும்பகுதி அந்தத் தானம் கொடுத்தவரின் செங்குழியங்கள். நாங்கள் சோதித்தது அவருடைய நொதியத்தை. இரண்டாவது, இரத்தம் ஏற்றாவிட்டாலும் தாக்கத்துக்குப் பிறகு உடனே சோதித்தால் ஏமாற்றும். நொதியம் குறைந்த பழைய கலங்கள்தான் முதலில் உடைகின்றன. மிஞ்சுவது இளங்கலங்கள், அதோடு எலும்பு மச்சை அவசரமாக அனுப்பும் புதுக் கலங்கள். அவற்றில் நொதியம் ஒப்பீட்டளவில் கூடவே இருக்கும். இக்குறைபாட்டில் சில வகைகளில் இதனால் முடிவு இயல்பான அளவுக்கே வந்துவிடும். ஆக, குறைந்தது மூன்று மாதம் பொறுத்துத்தான் சோதிக்க வேண்டும். சோதனைத் துண்டில் "இரத்தம் ஏற்றப்பட்டது" என்ற இரண்டு சொல்லும் திகதியும் இருந்திருந்தால், அந்த ஆய்வுகூடத்தில் யாராவது நிறுத்திக் கேட்டிருப்பார்கள். அந்த நாலு டின்னையும் அன்று இரவே நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதமும் பத்து நாளும் கழிந்து மீண்டும் சோதித்தோம். ஒளிர்புள்ளிச் சோதனை என்பது எளிமையானது, பார்க்கவும் அழகானது. ஒரு துளி இரத்தத்தைச் சோதனைக் கரைசலில் கலந்து, கலந்த உடனே ஒரு துளி, ஐந்து நிமிடத்தில் ஒரு துளி, பத்து நிமிடத்தில் ஒரு துளி என்று வடிதாளில் வைப்போம். காய்ந்ததும் அறையை இருட்டாக்கி, புறஊதா விளக்கின் கீழ் பிடிப்போம். நொதியம் வேலை செய்திருந்தால் அது உண்டாக்கிய பொருள் நீலவெள்ளையாக ஒளிரும். நேரம் போகப் போகப் பிரகாசம் கூடும். மேல் வரிசையில் என்னுடைய இரத்தம், நடுவில் அக்காவினது, கீழே மருமகனுடையது. என் புள்ளிகள் நிலவு போல இருந்தன. அக்காவுடையதும் ஒளிர்ந்தது, கொஞ்சம் மங்கல் என்று சொல்லலாம். அவனுடைய மூன்று புள்ளிகளும் வடிதாளோடு தாளாக இருட்டாகக் கிடந்தன.

அந்த மூன்று வரிசையில் குடும்பக் கதை முழுவதும் இருக்கிறது. மட்டக்களப்பில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி. ஆணும் பெண்ணும் தாயின் குடியில்தான் சேர்வார்கள். கோயில் உரிமையும் அப்படித்தான் போகும். இந்தக் குறையும் ஆண்பிள்ளைக்குத் தாயிடமிருந்தே வருகிறது, ஏனென்றால் இந்த நொதியத்தின் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அது தாய் தந்தது. அது பழுதானால் ஈடு செய்ய இன்னொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் குடியிலிருந்து ஓரிடத்தில் இது விலகுகிறது: குறை உள்ள ஓர் ஆண் தன் மகன்களுக்கு அதைக் கொடுக்கவே முடியாது, மகள்கள் எல்லோருக்கும் கொடுத்தே தீருவான்.

எனவே அக்கா காவி, குறையைத் தன்னில் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள். அவளது புள்ளி ஒளிர்ந்ததே என்று அத்தான் கேட்டார். இந்தச் சோதனை நொதியம் மிகக் குறைந்தவர்களைத்தான் பிடிக்கும். ஏறக்குறைய முப்பது வீதத்துக்கு மேல் இருந்தால் ஒளிர்ந்துவிடும். காவிப் பெண்களின் இரத்தத்தில் நல்ல கலங்களும் குறைக் கலங்களும் கலந்தே இருக்கும், ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு விகிதத்தில். சிலருக்குக் குறைக் கலங்கள் பெரும்பான்மையாகி, அவர்களுக்கும் ஃபூல் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இவற்றை அறிய அளவு சொல்லும் சோதனை வேண்டும். அக்காவின் மூத்த மகளுக்கு ஒன்பது வயது. அவள் காவியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறோம், அவள் வளர்ந்து பிள்ளை பெறும் காலத்தில் வைத்தியரிடம் காட்டுவதற்காக. எனக்கும் பாதிக்குப் பாதிதான் இருந்தது. என் வரிசை ஒளிர்ந்த அந்த நிமிடம் எனக்கு நிம்மதி வந்தது, உடனே அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்கு இரவு ஒன்று சொன்னார். அவருடைய மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, அம்பாறைப் பக்கம் வயல் செய்யப் போன காலத்தில் மலேரியா கண்டு, குளிசை குடித்த மூன்றாம் நாள் மூத்திரம் கறுப்பாகப் போய், மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். "அவன் உயிர் தப்பினதே மாமாங்கேசுரர் புண்ணியம் மனெ" என்றார். மலேரியாவின் மறுதாக்கத்தைத் தடுக்கக் கொடுக்கும் பிரிமாகுயின், இந்தக் குறை உள்ளவர்களின் செங்குழியங்களை ஃபூல் போலவே உடைக்கும். இந்தக் குறை முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த மருந்தின் வழியாகத்தான், 1956 இல். தாயின் அண்ணனுக்கு நடந்ததும் தாயின் பேரனுக்கு நடந்ததும் ஒரே வழியில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. மலேரியா பரவிய நாடுகளில்தான் இந்தக் குறை அதிகம், ஏனெனில் அது மலேரியாவுக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பும் தருகிறது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் சான்று பெற்றாலும், வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வருபவர்களுக்கு அந்த மருந்து இன்றும் தேவைப்படுகிறது. கொடுக்கு முன் ஜி6பிடி பார்ப்பது அதனால்தான்.

இன்னொன்றும் கொப்பியில் இருந்தது. அக்கா பிள்ளையின் கிளினிக் கொப்பியை எடுத்து முதல் பக்கங்களைப் புரட்டினாள். பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் கூடி, நீல விளக்கின் கீழ் மூன்று நாள் வைத்ததாக எழுதியிருந்தது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது சாதாரணம், ஆனால் இவ்வளவு கூடி வருவதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். அப்போது ஒரு துளி இரத்தத்தில் இதைப் பார்த்திருந்தால் நாலு வருஷத்துக்கு முன்னமே எங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, இனி என்ன சாப்பிடக் கூடாது என்ற கேள்வி வந்தது. இங்கேதான் மொழி எங்களைக் கொஞ்சம் அலைக்கழித்தது. வீட்டுக்கு வரும்போது தந்த தாளில் ப்ரோட் பீன்ஸ் தவிர்க்கவும் என்றிருந்தது. அக்கா இணையத்தில் தேடினாள். தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் அவரைக்காயைத்தான் ப்ரோட் பீன்ஸ் என்று எழுதுகிறார்கள். அன்றிலிருந்து அவரைக்காய் வீட்டுக்குள் வரவில்லை. பீன்ஸ் என்றிருப்பதால் போஞ்சி போனது. பிறகு பயிற்றங்காய். பிறகு யாரோ எல்லாப் பருப்பு வகையும் கூடாது என்ற ஒரு பட்டியலை அனுப்ப, பருப்பும் கடலையும் கௌப்பியும் நின்றது. இரத்தம் உடைந்து எழும்பும் பிள்ளைக்கு, புரதமும் இரும்பும் வேண்டிய நேரத்தில், சோறும் முட்டையும் மட்டும். மூன்று கிழமை கழித்து நான் கேட்டபோதுதான் இது தெரிந்தது. எனக்கு உண்மையில் கோபமே வந்தது, அக்காவில் இல்லை, அந்தப் பட்டியலை எழுதியவர்களில்.

ஃபூல் வேறு, அவரை வேறு. ஃபூல் பயறு விசியா என்ற இனத்துச் செடி. குளிர் பருவத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மேற்காசியாவிலும் விளைவது, எங்கள் வயலோரத்தில் நான் கண்டதில்லை. எங்கள் பந்தலில் படரும் அவரை வேறு இனம், இறகவரை வேறு இனம். போஞ்சி, பயிற்றங்காய், கௌப்பி, கடலை, உழுந்து, பாசிப்பயறு, மைசூர்ப் பருப்பு எதுவும் ஃபேவிசத்தைக் கொண்டுவருவதில்லை. ஒரே ஒரு கறியில் மட்டும் கவனம் சொல்கிறேன், அது பருப்பு வகையே இல்லை. பாவற்காய் விதையிலும் விசின் உண்டு. கறிக்கு விதையை வழித்து எறிந்துவிட்டுச் சமைப்பதும், பாவற்காய்ச் சாறு, பொடி, குளிசை என்று செறிவாகக் கொடுக்காமல் இருப்பதும் அவனுடைய வைத்தியர் சொன்னது. நாங்கள் அப்படியே செய்கிறோம்.

தவிர்க்க வேண்டியது ஒரே பயறுதான், ஆனால் அது பல பெயரில் வருகிறது. டின்னில் ஃபூல் அல்லது ஃபூல் முதம்மஸ். வறுத்த பைக்கற்றிலும் பலவகை கலந்த மிக்சரிலும் ஃபாவா பீன்ஸ் அல்லது ப்ரோட் பீன்ஸ். சைனீஸ் மிளகாய் விழுதுகள் சிலதில் அது புளிக்கவைத்துச் சேர்க்கப்படுகிறது. ஃபலாஃபல் பொரியல் கொண்டைக்கடலையில் செய்தால் பயமில்லை, எகிப்து முறையில் இதே பயற்றில்தான் செய்வார்கள், சிலர் இரண்டையும் கலப்பார்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ அரபுச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட உட்கார்ந்தால், "இது எதில் செய்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவனுக்குக் கொடுக்கிறோம். கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. பால் கொடுக்கும் தாய் இந்தப் பயற்றைச் சாப்பிட்டாலும் பாலின் வழியாகக் குறை உள்ள குழந்தைக்குப் போகும், அதையும் அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

சாப்பாட்டுக்கு வெளியே இரண்டு மூன்றுதான். அலுமாரியில் உடுப்புக்குள் போடும் நப்தலீன் உருண்டை இந்தக் கலங்களுக்குப் பகை. அக்கா வீட்டிலிருந்து அது முழுதாக வெளியேறியது. கைக்குழந்தைகளுக்கு மருதோண்டி பூசியும் இப்படி இரத்தம் உடைந்ததுண்டு, பக்கத்து ஊர்களில் நாற்பதுக்குப் பூசும் வழக்கம் இருப்பதால் எழுதுகிறேன். மருந்துகளில் பிரிமாகுயின், டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டொயின் போன்றவை. முழுப் பட்டியலையும் வீட்டில் யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஜி6பிடி குறைபாடு என்று எழுதிய ஒரு சிறு அட்டை அவனுடைய கிளினிக் கொப்பியின் முன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, பள்ளிக்கூடப் பையில் இன்னொன்று. எந்த வைத்தியரிடம் போனாலும், எந்தப் பாமசியில் மருந்து எடுத்தாலும் முதலில் அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பனடோல் கொடுக்கலாம், அதில் பயமில்லை.

எதையாவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். அடுத்த மூன்று, நாலு நாளைக்கு ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கோப்பையில் மூத்திரம் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். தேயிலைச் சாயம் வந்தால் தண்ணீர் கொடுத்து வெளுக்குமா என்று காத்திருக்கக் கூடாது. நிறம் மாறாவிட்டாலும் பிள்ளை வெளிறினால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், முதுகு நோகுது என்றால், இரவோ பகலோ ஆஸ்பத்திரிக்கு. கையில் அந்த அட்டையும், சாப்பிட்ட டின்னோ பைக்கற்றோ. அந்த வெள்ளைக் கோப்பை இப்போதும் அவர்கள் குளியலறை யன்னலில் இருக்கிறது, வேறெதற்கும் பாவிப்பதில்லை.

அவனுக்கு இப்போது ஏழு வயது. அந்த ஒரு தடவைக்குப் பிறகு எதுவும் வரவில்லை. அவரைக்காய்ப் பால்கறி என்றால் இரண்டு தரம் சோறு கேட்பான். போன கிழமை டோஹாவில் ஒரு சுப்பர் மார்க்கற்றுக்குள் நின்றபடி அத்தான் எனக்கு ஒரு படம் அனுப்பினார், வறுத்த கடலை வகை கலந்த ஒரு பெரிய பைக்கற், பின்பக்கத்தில் சின்ன எழுத்து. "தம்பி, இது சரியா?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். கச்சான், கொண்டைக்கடலை, சோளம், நாலாவதாக ஃபாவா பீன்ஸ். "இது வேணாம் அத்தான், பக்கத்தில கச்சான் மட்டும் இருக்கிற பைக்கற் இருக்கா பாருங்க" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் அடுத்த படம் வந்தது.